'சொந்தக் காரணங்களுக்காக' என்று நான் எழுதவில்லை

தாம்பரத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகச் சமூகப் பணியாளராக இருந்தேன். பெரும்பாக்கம் குடியிருப்புகளில்தான் களவேலை. சென்ற ஆண்டு ராஜினாமா செய்தேன். பாலியல் துன்புறுத்தல் குறித்து நான் எழுத்தில் கொடுத்த புகாரின் மேல் 96 நாட்கள் எந்த விசாரணையும் தொடங்கவில்லை என்பதே காரணம். ராஜினாமாக் கடிதத்திலும் இதையேதான் எழுதினேன்.

அதற்குப் பிறகு தோழர்கள் பலர் இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். 'பெயரைச் சொல்ல வேண்டியதுதானே?' என்பது முதல் கேள்வி. 'எதை வைத்து எழுதினாய், நாளைக்கு உன் மேலேயே கேஸ் போட்டால் என்ன செய்வாய்?' என்பது இரண்டாவது. இரண்டுக்கும் ஒரே பதில்தான். அதை விளக்கவே இந்தக் கட்டுரை. நிறுவனத்தின் பெயரும் அந்த ஆளின் பெயரும் இதில் இருக்காது. என் புகாரில் என்ன இருந்தது என்பதும் இருக்காது. பயத்தினால் அல்ல. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16வது பிரிவு புகாரின் உள்ளடக்கம், புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சிகள் ஆகியோரின் அடையாளம், விசாரணை விவரம் எதையும் பொதுவெளியில் வெளியிடக் கூடாது என்கிறது. அந்த மறைப்பு எனக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்பு. என் புகார் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் கெடுக்கும் எதையும் நானே செய்ய மாட்டேன்.

அதனால் தேதிகளைச் சொல்லாமல், புகார் கொடுத்த நாளைப் பூஜ்ஜியமாக வைத்து நாட்கணக்கில் சொல்கிறேன்.

மூன்று பத்திகள்

சமூகவியல் படித்தவர்களுக்குக் களக்குறிப்பு எழுதும் பழக்கம் இருக்கும். பார்த்தது ஒரு பக்கம், அதைப் பற்றி நாம் நினைத்தது மறுபக்கம் என்று பிரித்து எழுதச் சொல்லித் தருவார்கள். எனக்கு நடந்ததைப் பதிவு செய்யவும் அதே முறையைத்தான் எடுத்துக்கொண்டேன். கட்டுப் போட்ட 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதலிலேயே எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டேன். தாளைக் கிழிக்கவில்லை, இடையில் செருகவில்லை என்பது பார்த்தவுடனேயே தெரிய வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகக் கோடு போட்டேன். முதல் பத்தியில் நானே பார்த்தது, கேட்டது. இரண்டாவதில் மற்றவர்கள் என்னிடம் சொன்னது, சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதோடு. மூன்றாவதில் நான் நினைப்பது.

பயிற்சி வகுப்புகளில் மாணவிகளுக்கு நான் கொடுக்கும் ஒரு மாதிரியைச் சொல்கிறேன். இது என் புகாரில் உள்ளது அல்ல. ஒரு பெண் இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: 'சார் என்னைக் கெட்ட எண்ணத்தோடு தொடர்ந்து தொந்தரவு செய்கிறார். ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும்.' படிப்பவருக்கு மனது பதறும். ஆனால் விசாரணையில் இந்த இரண்டு வரியும் நிற்காது. எண்ணம் என்ன என்று யாராலும் பார்த்திருக்க முடியாது. 'தொடர்ந்து' என்றால் எத்தனை முறை? 'எல்லாருக்கும்' என்றால் யார் யாருக்கு? எதிர்த்தரப்பு இவற்றில் ஒன்றைப் பிடித்து இழுத்தால் போதும், உண்மையாக நடந்ததும் சேர்ந்து சரிந்துவிடும்.

அதையே முதல் பத்திக்கு மாற்றினால் இப்படி வரும்: 'செவ்வாய்க்கிழமை மாலை 6.40. மாடி அறை. மாத அறிக்கையைக் கொடுக்கப் போனேன். அறையில் வேறு யாரும் இல்லை. "வீட்ல தனியாத்தானே இருக்கீங்க, ஒரு நாள் வரட்டுமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் அறிக்கையை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். 6.50க்கு என் தோழிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். இது மூன்றாவது முறை. முதல் இரண்டும் பக்கம் 4, பக்கம் 9.' இதில் 'கெட்ட எண்ணம்' என்ற சொல்லே இல்லை. அதைக் குழு முடிவு செய்துகொள்ளும். அறையில் வேறு யாரும் இல்லை என்று நாமே எழுதுவதைப் பலர் பலவீனம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நமக்குச் சாதகமில்லாத தகவலையும் எழுதியிருப்பதுதான் மற்ற வரிகளை நம்ப வைக்கிறது. அந்த 6.50 வாட்ஸ்அப் செய்தி சம்பவத்துக்குச் சாட்சி ஆகாது. ஆனால் சம்பவம் நடந்த பத்தாவது நிமிடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதற்குச் சாட்சி. பிறகு ஜோடித்துச் சொன்னது என்று யாரும் சொல்ல முடியாது.

செய்தியை ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்தால் போதாது. அந்த உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும். போனையும் மாற்றக் கூடாது. வெட்டி எடுத்த துண்டு என்றால் 'முன்னே பின்னே என்ன இருந்தது?' என்ற கேள்வி வரும். அலுவலக மெயிலில் நமது சொந்தக் கடிதப் போக்குவரத்தை மட்டும் தனி மெயிலுக்கு அனுப்பி வைக்கலாம். பயனாளிகளின் கேஸ் ஃபைல் எதையும் தொடக் கூடாது. பெரும்பாக்கத்துப் பெண்கள் நம்மை நம்பிச் சொன்னவை நம் சண்டைக்கு ஆயுதம் அல்ல.

சாதியை எங்கே எழுதுவது

நமக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது. என் மூன்றாவது பத்தியில் பல பக்கங்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப இருக்கிறது: 'நான் வேறு சாதியாக இருந்தால் இப்படிப் பேசியிருப்பாரா?' எனக்குப் பதில் தெரியும் என்று நினைக்கிறேன். ஆனால் நான் நினைப்பது மூன்றாவது பத்திக்குரியது. அது புகாருக்குள் போகவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதில் மிகத் துல்லியமாக இருக்கிறது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாக 3(1)(ஆர்) பிரிவில் வழக்கு நிற்க வேண்டுமானால், அது 'பொதுப் பார்வையில் உள்ள இடத்தில்' நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வேறு யாரும் இல்லாதபோது சொன்னது அந்தப் பிரிவுக்குள் வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 3(1)(டபிள்யூ) பிரிவு வேறு. பட்டியல் சாதிப் பெண்ணிடம், அவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்தே, பாலியல் தன்மையுள்ள சொல்லோ சைகையோ செயலோ செய்தால் அது குற்றம். அங்கே பொதுப் பார்வை என்ற நிபந்தனை இல்லை. 'தெரிந்தே' என்பதுதான் நிபந்தனை.

ஆகவே நாம் பதிவு செய்ய வேண்டியது அவருடைய மனதில் சாதி இருந்ததா என்பதை அல்ல. அவருக்கு என் சமூகம் தெரியும் என்பதற்கு என்ன தடயம் என்பதை. சாதிச் சான்றிதழ் நகல் என் பணிக்கோப்பில் இருக்கிறதா, அந்தக் கோப்பு யார் கையில் இருக்கும், எந்தக் கூட்டத்தில் நான் அதைச் சொன்னேன், அப்போது அவர் இருந்தாரா. 'உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே' என்று ஒருவர் சொன்னால், அந்த நான்கு சொற்களை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். அதற்குப் பக்கத்தில் 'சாதி வெறியோடு சொன்னார்' என்று சேர்த்தால் அந்தச் சொற்களின் கனம் குறைந்துதான் போகும். சொற்கள் தானே பேசும்.

நாட்கணக்கு

புகாரை இயக்குநருக்கு எழுதினேன். அலுவலகத்தில் உள்ளகக் குழு அமைத்த ஆணையைப் பார்வையில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்கள் அறிவிப்புப் பலகையில் அப்படி எதுவும் இல்லை. பலகையைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டேன். கடைசிச் சம்பவம் நடந்து அன்றைக்கு 26வது நாள்.

இந்த 26 முக்கியமான எண். சம்பவம் நடந்த நாளிலிருந்து, தொடர் சம்பவங்கள் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து, மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஆனால் அது அவர்கள் விருப்பம். 'பாத்துக்கலாம்மா, கொஞ்சம் பொறுங்க' என்று வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லியே இந்த மூன்று மாதம் பல பெண்களுக்குக் கரைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். கெட்ட நோக்கத்தோடுதான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கடிகாரத்துக்கு நோக்கம் தெரியாது, அவ்வளவுதான்.

பூஜ்ஜியம் நாளில் முன் அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் கடிதத்தைக் கொடுத்து நகலில் இன்வர்டு சீல் கேட்டேன். 'சாரைக் கேட்டுட்டுத்தான் போடணும் மேடம்' என்றார். அவர் வேலை அவருக்கு. நான் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை அதே கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்பினேன், மெயிலிலும் அனுப்பினேன். நான்காம் நாள் கடிதம் ஒப்படைக்கப்பட்டதாக அஞ்சல் துறையின் இணையப் பதிவு காட்டியது. அதையும் அச்செடுத்து ரசீதோடு சேர்த்து வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் நினைவூட்டல் மெயில். பத்தொன்பதாம் நாள் படிக்கட்டில் இயக்குநர் என்னைப் பார்த்து, 'ரெண்டு பேரையும் உக்கார வெச்சு பேசித் தீத்துக்கலாம்மா' என்றார். மாலையில் ஒரு மெயில் எழுதினேன்: 'இன்று காலை நீங்கள் சொன்னதைச் சமரசம் செய்துகொள்ளலாம் என்ற யோசனையாகப் புரிந்துகொள்கிறேன். நான் சமரசம் கோரவில்லை. விசாரணை கோருகிறேன். என் புரிதல் தவறென்றால் தெரிவியுங்கள்.' இந்தச் சட்டத்தில் சமரசம் என்பது புகார் கொடுத்த பெண் கேட்டால் மட்டுமே நடக்கக் கூடியது. பணம் கொடுத்து முடிப்பது அதற்கு அடிப்படையாக இருக்கவும் கூடாது. வாய்ப்பேச்சை அன்றைக்கே எழுத்தாக மாற்றும் இந்த வகை மெயிலுக்குப் பதில் வந்தாலும் பயன், வராவிட்டாலும் பயன்.

இருபத்தோராம் நாள் நிர்வாகப் பிரிவிலிருந்து இரண்டு வரிப் பதில் வந்தது. நிரந்தரப் பணியாளர்கள் ஏழு பேர் மட்டுமே இருப்பதால் உள்ளகக் குழு அமைக்கத் தேவையில்லை என்று. எழுத்தில் வந்த பதில் அந்த ஒன்றுதான். எனக்கு மிகவும் உதவியதும் அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றால் உள்ளகக் குழு தேவையில்லை என்பது சரி. அப்படியானால் புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். ஆனால் பணியாளர் என்பதற்குச் சட்டம் கொடுக்கும் விளக்கத்தில் ஒப்பந்தப் பணியாளர், தற்காலிகப் பணியாளர், பயிற்சியாளர், சம்பளம் வாங்காத தன்னார்வலர் எல்லோரும் வருகிறார்கள். எங்கள் அலுவலக வருகைப் பதிவில் அந்த மாதம் 23 பெயர்கள். ஏழு என்று அவர்கள் சொன்னதை ஏற்றால் உள்ளூர்க் குழுவுக்குப் போக எனக்கு வழி திறக்கிறது. 23 என்பதை ஏற்றால் குழு அமைக்காததே 26வது பிரிவின்படி 50,000 ரூபாய் வரை அபராதத்துக்குரியது. எது சரி என்று நான் வாதாட வேண்டியதில்லை. அவர்கள் கடிதத்தையும் வருகைப் பதிவில் உள்ள எண்ணிக்கையையும் அருகருகே வைத்தாலே போதும்.

ஐம்பத்தெட்டாம் நாள், அதாவது கடைசிச் சம்பவத்திலிருந்து 84வது நாள், தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போனேன். ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் வழியாக உள்ளூர்க் குழுவுக்குப் புகாரைக் கொடுத்தேன். இணைப்புகளோடும் சாட்சிகள் பட்டியலோடும் ஆறு நகல்கள் கொடுக்க வேண்டும் என்பது விதி. நகல் எடுத்து வரிசைப்படுத்தவே ஒரு மணி நேரம் ஆனது. இதை அந்தப் பகுதித் தோழர்கள் கவனிக்க வேண்டும்: தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம், சோழிங்கநல்லூர் வட்டம் சென்னை மாவட்டம். வீடு எங்கே என்பது கணக்கில்லை, வேலை செய்யும் இடம் எந்த மாவட்டம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். உள்ளூர்க் குழுவில் அதற்குப் பிறகு நடந்தது எதையும் இங்கே எழுதப் போவதில்லை.

இதற்கிடையில் முப்பத்து மூன்றாம் நாள் என்னைப் பெரும்பாக்கம் களத்திலிருந்து எடுத்து அலுவலகத்தில் டேட்டா என்ட்ரிக்கு மாற்றினார்கள். உத்தரவில் காரணம் இல்லை. நான் யார் மேல் புகார் கொடுத்தேனோ அவரிடமே தினமும் கையெழுத்து வாங்க வேண்டிய வேலை அது. இது பழிவாங்கலா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. பட்ஜெட் காரணமாகவும் இருக்கலாம். ஆனால் புகார் ஒப்படைக்கப்பட்ட 29வது நாளில் மாற்றல் வந்தது என்பதும், கட்டளைச் சங்கிலி மாறவில்லை என்பதும் தெரியும். 12வது பிரிவின்படி விசாரணைக் காலத்தில் இருவரில் ஒருவரை இடம் மாற்றும்படியோ, மூன்று மாதம் வரை எனக்கு விடுப்பு தரும்படியோ குழு பரிந்துரைக்க முடியும். குழுவே இல்லாத இடத்தில் அந்த வழி அடைபட்டிருந்தது. நாற்பத்தேழாம் நாள் இதைக் குறிப்பிட்டு மூன்றாவது கடிதம் எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

குவாலியர் நீதிபதியின் வழக்கு

நான் ராஜினாமாவைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோது திரும்பத் திரும்பப் படித்தது ஒரு தீர்ப்பை. மத்தியப் பிரதேசத்தில், குவாலியரில் கூடுதல் மாவட்ட நீதிபதியாக இருந்த ஒரு பெண்ணின் வழக்கு. அவரை 2014 ஜூலை 8 அன்று சீதி என்ற ஊருக்கு மாற்றினார்கள். மகளின் படிப்பைச் சொல்லி அவகாசம் கேட்டார், மறுக்கப்பட்டது. வேறு ஊராவது கொடுங்கள் என்று கேட்டார், அதுவும் மறுக்கப்பட்டது. ஜூலை 15 அன்று ராஜினாமா செய்தார். இரண்டே நாளில், ஜூலை 17 அன்று, அது ஏற்கப்பட்டது. உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மேல் பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுத்தார். மாநிலங்களவை உறுப்பினர்கள் கொண்டுவந்த தீர்மானத்தின் தொடர்ச்சியாக ஒரு விசாரணைக் குழு அமைந்து, 2017 டிசம்பரில் அறிக்கை தந்தது.

அந்த அறிக்கை பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றது. அதோடு நிற்கவில்லை. இடமாறுதல் முறையானதாக இல்லை, அந்தச் சூழலில்தான் அவர் ராஜினாமா செய்ய வேண்டி வந்தது, அவரை மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும் என்றும் சொன்னது. உயர் நீதிமன்றம் மறுக்க, அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2022 பிப்ரவரி 10 அன்று நீதிபதிகள் எல்.நாகேஸ்வர ராவ், பி.ஆர்.கவாய் அமர்வு அவருடைய ராஜினாமா தானாக முன்வந்து செய்ததல்ல என்று தீர்ப்பளித்தது. பணித் தொடர்ச்சியோடு வேலை திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட ஏழரை ஆண்டுச் சம்பளம் கிடைக்கவில்லை.

இந்த வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். துன்புறுத்தல் குறித்த முடிவு அவருக்குச் சாதகமாக வரவில்லை. அவருக்கு வேலையைத் திரும்ப வாங்கித் தந்தது தேதி போட்ட காகிதங்கள்: இடமாறுதல் ஆணை, அவர் எழுதிய விண்ணப்பங்கள், அவை மறுக்கப்பட்ட நாட்கள், ராஜினாமா ஏற்கப்பட்ட வேகம். மூடிய அறைக்குள் நடந்ததை நிரூபிக்க முடியாமல் போகலாம். அதற்குப் பிறகு நிறுவனம் என்ன செய்தது, என்ன செய்யாமல் விட்டது என்பதை நிரூபிக்க முடியும். காரணம், நிறுவனம் காகிதத்தில் இயங்குகிறது. நிரூபிக்க முடியாதது பொய் என்றும் ஆகாது. சட்டத்தின் 14வது பிரிவே, புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அந்தப் பெண் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்கிறது. பொய்யென்று தெரிந்தே கொடுத்தாரா என்பது தனியாக விசாரிக்கப்பட வேண்டும்.

கடிதம்

தொண்ணூறு நாளுக்குள் விசாரணை முடிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் நிறுவனத்தில் அது தொடங்கவே இல்லை. தொண்ணூற்றாறாம் நாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். ஒரு பக்கம்தான். அதன் சாரம் இது:

'இந்த நாளில் எழுத்துமூலம் ஒரு புகார் கொடுத்தேன். அது இந்த நாளில் தங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்த இந்த நாட்களில் நினைவூட்டல் அனுப்பினேன். ஒரு நாளில் மட்டும் பதில் வந்தது, நகல் இணைப்பில் உள்ளது. இன்றுவரை விசாரணை தொடங்கியதாக எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. இடைக்காலப் பாதுகாப்பு எதுவும் அளிக்கப்படவில்லை. இந்த நிலையில் பணியைத் தொடர இயலாததால் விலகுகிறேன். இந்த விலகலால் என் புகாரைத் திரும்பப் பெறவில்லை.'

இதில் ஒருவரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. 'மூடி மறைத்தார்கள்' என்று எழுதவில்லை, ஏனென்றால் மறைக்கும் நோக்கம் இருந்ததா என்பதற்கு என்னிடம் காகிதம் இல்லை. 'விசாரணை நடத்தவில்லை' என்றுகூட எழுதவில்லை. 'தொடங்கியதாக எனக்குத் தெரிவிக்கப்படவில்லை' என்றே எழுதினேன். எனக்குத் தெரியாமல் ஏதாவது நடந்திருந்தால் அதை அவர்கள்தான் காட்ட வேண்டும். கடைசி வரி மிக அவசியம். வேலையை விட்டால் புகார் செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிக்கப்பட்ட பெண் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம், அவர் அங்கே வேலையில் இருக்கிறாரா இல்லையா என்பதைப் பார்ப்பதில்லை.

ஒப்படைத்த மறுநாள் எச்.ஆர். மேடம் கூப்பிட்டார். கனிவாகத்தான் பேசினார். 'சொந்தக் காரணங்களுக்காகன்னு ஒரு வரி போட்டுக் குடுத்துடுங்க மேடம். ரிலீவிங் லெட்டர் சீக்கிரம் வந்துடும். அடுத்த எடத்துல உங்களுக்குத்தான் நல்லது' என்றார். நான் மாற்றித் தரவில்லை. ஒரு மாத நோட்டீஸ் முடித்து வெளியே வந்தேன். கடைசி மாதச் சம்பளம் 41 நாள் தாமதமாக வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. வங்கிக் கணக்கில் தேதி இருக்கிறது.

அந்த அறையில் இருந்தபோது பாபாசாகேப்தான் நினைவுக்கு வந்தார். 1951 செப்டம்பர் 27 அன்று நேருவின் அமைச்சரவையிலிருந்து அவர் ராஜினாமா செய்தார். நாடாளுமன்றத்தில் தன் விளக்கத்தைப் படிக்க வந்தபோது அதன் நகலை முன்கூட்டியே கேட்டார்கள். அவர் வெளிநடப்புச் செய்து, அக்டோபர் 10 தேதியிட்ட அந்த அறிக்கையைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். அவர் அப்போது உண்மையிலேயே உடல்நலம் குன்றியிருந்தவர். உடல்நலக் காரணம் என்று எழுதியிருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும். நோயினால் விலகுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று அந்த அறிக்கையிலேயே மறுத்துவிட்டு, இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முதல் பட்டியல் சாதியினர் நடத்தப்பட்ட விதம் வரை காரணங்களை ஒவ்வொன்றாக வைத்தார். காரணம் இல்லாத ராஜினாமா ஒரு காலியிடத்தை மட்டுமே விட்டுச் செல்லும். அந்த இடத்தில் அவர்கள் விரும்பும் கதையை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

பெயரைச் சொல்ல வேண்டியதுதானே?

அவதூறு இந்த நாட்டில் இன்னும் குற்றவியல் வழக்கு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவு. அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கு அதிலேயே விலக்கு இருக்கிறது. இயக்குநருக்கும் உள்ளூர்க் குழுவுக்கும் நான் பெயரோடு எழுதியது அந்த விலக்குக்குள் வரும். ஃபேஸ்புக்கில் எழுதுவது அப்படி எளிதில் வராது. பத்திரிகையாளர் பிரியா ரமணி மேல் எம்.ஜே.அக்பர் தொடுத்த அவதூறு வழக்கில் டெல்லி நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ரமணியை விடுவித்தது. நமக்கெல்லாம் பெருமிதமான தீர்ப்பு. ஆனால் 2018 அக்டோபரிலிருந்து அதுவரை அவர்தான் குற்றம் சாட்டப்பட்டவராக நின்றார். சில தோழிகள் அதைத் தெரிந்தே பெயர் சொல்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சில நேரங்களில் வேறு வழியே விட்டுவைக்கப்படுவதில்லை. எனக்கு ஒரு வழி இருந்தது, அதில் போகிறேன்.

என் முறைக்கு ஓர் எல்லை உண்டு. நோட்டும் மெயிலும் விரைவு அஞ்சல் ரசீதும் படித்த, ராஜினாமா செய்தாலும் இரண்டு மாதம் சமாளிக்கக் கூடிய ஒருத்தியின் கருவிகள். திண்டுக்கல் பகுதி ஆடை ஆலையில் வேலை செய்த ஜெயஸ்ரீ கதிரவேல் என்ற தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். ஆலை மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். கொலைக்கு முன்பே அவர் துன்புறுத்தலை அனுபவித்து வந்தார் என்று குடும்பத்தினரும் சங்கத்தினரும் சொன்னார்கள். அவருக்கு நோட்டு போட்டு எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தால் தப்பித்திருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது. அதன் பிறகு, தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் டி.டி.சி.யு. சங்கம் போராடி 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்று ஆலைத் தளத்தில் கண்காணிப்பாளர்களாக இருந்து, துன்புறுத்தலைப் பார்த்தால் அறிக்கை செய்யும் ஏற்பாடு அதில் இருக்கிறது. என் நோட்டில் இரண்டாவது பத்தி கிட்டத்தட்டக் காலியாகவே கிடக்கிறது. வேலைக்குப் பயந்து யாரும் எனக்காக ஒரு வரி சொல்லவில்லை. சங்கம் இருக்கும் இடத்தில் அந்தப் பத்தி நிரம்பும்.

எங்கள் துறையில் சங்கம் இல்லை. தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் பக்கம் உள்ள தொண்டு நிறுவனங்களில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பெண்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடத் தொடங்கியிருக்கிறோம். முதல் கூட்டத்தில் செய்தது ஒரே வேலைதான். அவரவர் அலுவலகத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், உள்ளகக் குழு ஆணை ஒட்டப்பட்டிருக்கிறதா, அதில் வெளி உறுப்பினர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து எழுதிவரச் சொன்னோம். வந்தவர்கள் ஒன்பது பேர். ஆணை ஒட்டியிருந்த அலுவலகங்கள் இரண்டு.